வெளிநாட்டு மிக்சியும் கிரைண்டரும்: மில்லிக்கன் சமையலறையில் பயன்படுத்துவது எப்படி?

ஊரிலிருந்து மிக்சியோ உழுந்து அரைக்கும் கிரைண்டரோ கொண்டுவரும் குடும்பங்கள் பல, பிளக் அடாப்டர் ஒன்றை மட்டும் வாங்கி அவற்றை இயக்க முயல்கின்றன. அடாப்டர் பிளக் முனைகளின் வடிவத்தையே மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ரொறன்ரோவின் சாதாரண மின்துளையில் கிடைப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

கோயம்புத்தூரிலிருந்து 750 வாட் மிக்சி ஒன்று மில்லிக்கனுக்கு வருகிறது எனக் கொள்வோம். அடாப்டரோடு மட்டும் இணைத்தால் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழப் பாதி மின்னழுத்தமே. வெறுமனே சுற்றும், தேங்காயைப் போட்டதும் திணறி நிற்கும். நின்ற நிலையில் ஆளியை அணைக்காமல் விட்டால் மோட்டார் சூடேறிக் கருகல் மணம் வரும்.

இதற்குத் தேவையானது 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தும் மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்போமர். மோட்டார் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் மின்மாற்றியே பொருந்தும். பயணப் பையில் வைக்கும் சிறிய மின்னணு மாற்றிகள் மோட்டாருக்கு உதவா. மிக்சியை அணைத்த நிலையில் வைத்து, முதலில் மின்மாற்றியை இயக்க வேண்டும். அது இலேசாக இரைவதும் வெதுவெதுப்பாவதும் இயல்பு. கை வைக்க முடியாத சூடு அதன் கொள்ளளவு போதாது என்பதன் அடையாளம். மின்மாற்றி வழியே மிக்சி சுவரிலிருந்து இழுப்பது 6 அம்பியருக்குச் சற்று அதிகம். 1500 வாட் கேத்தல் ஒன்றே 12.5 அம்பியர் இழுக்கும். இரண்டையும் 15 அம்பியர் இணைப்பு ஒன்றில் சேர்த்து இயக்கினால் பிரேக்கர் விழும்.

மின்மாற்றி அதிர்வெண்ணை, ஊரில் மீடிறன் என்பதை, மாற்றாது. மிக்சிக்கு இதனால் தொல்லையில்லை. அதன் கரித்துண்டு மோட்டார் 50 ஹெர்ட்ஸிலும் 60 ஹெர்ட்ஸிலும் ஒரேமாதிரி ஓடும். கல் கிரைண்டரின் கதை வேறு. அதில் பெரும்பாலும் இருக்கும் தூண்டல் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. ஆகவே 60 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். சுழற்றும் வலுவோ குறையும். ஊறிய உழுந்தை நிறையப் போட்டால் கல் அசையாமல் மோட்டார் உறுமும். உடனே அணைக்க வேண்டும். தகட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அந்தக் கிரைண்டரைக் கொண்டுவராதிருப்பதே சிக்கனம்.

இன்னொன்றும் உண்டு. ஒன்ராறியோவில் பயன்படுத்தும் மின்சாதனங்கள் சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகாரக் குறியைக் கொண்டிருக்க வேண்டும். மின்மாற்றிக்கும் இது பொருந்தும். ஊரில் விற்கும் 230 வோல்ட் மிக்சிகளில் அக்குறி பொதுவாக இராது. எனவே பெட்டியில் இடம் ஒதுக்குமுன், அங்கீகாரக் குறியுடன் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த மிக்சியின் விலையை, மின்மாற்றியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அடுப்புக்கான 240 வோல்ட் மின்துளையில் மிக்சியை இணைக்க எவரும் முயலக் கூடாது. அதன் பிரேக்கர் பொதுவாக 40 அம்பியர் அல்லது அதற்கு மேல். மிக்சியின் மெல்லிய கம்பி உருகிய பின்னும் அது விழாதிருக்கலாம்.