ஓல்வேய்ஸ், நெவர், ஒஃபன் – வசனத்தில் எங்கே நிற்கும்?



‘எப்போதும்’ என்பதற்கு ‘ஓல்வேய்ஸ்’, ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு ‘நெவர்’, ‘அடிக்கடி’ என்பதற்கு ‘ஒஃபன்’. இவற்றின் பொருள் ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் இவற்றை வசனத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று வரும்போதுதான் பேனா தயங்குகிறது.

பாடநூல்கள் இரண்டு விதிகளைத் தருகின்றன. சாதாரண வினைக்கு முன்னே வைக்க வேண்டும்: ‘ஹீ ஓல்வேய்ஸ் கம்ஸ் ஏர்லி.’ ஆனால் இஸ், ஆம், ஆர், வோஸ், வெயர் என்னும் ‘பீ’ வினைகளுக்குப் பின்னே வைக்க வேண்டும்: ‘ஹீ இஸ் ஓல்வேய்ஸ் ஏர்லி.’ ஒன்றுக்கொன்று மாறான விதிகள் போல் தோன்றுவதால் மாணவர் குழம்புகின்றனர். தமிழும் இங்கே கைகொடுப்பதில்லை. ‘அவர் எப்போதும் அன்பானவர்’ என்னும்போது நம் வசனத்தில் ‘இஸ்’ என்பதற்கு ஈடான சொல்லே கிடையாது. இல்லாத சொல்லுக்கு முன்னா பின்னா என்று எப்படி அறிவது?

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வசனத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். ‘ஹீ இஸ் ஏர்லி’ என்பது ‘இஸ் ஹீ ஏர்லி?’ என்றாகிறது. ‘இஸ்’ எழுவாயைத் தாண்டி முன்னே வந்துவிட்டது. இவ்வாறு தாண்டக்கூடிய சொல்லுக்குப் பின்னேதான் நமது வினையடை நிற்கும். ‘ஹீ கம்ஸ் ஏர்லி’ என்பதை அப்படி மாற்ற முடியாது. ‘டஸ்’ என்ற சொல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து ‘டஸ் ஹீ கம் ஏர்லி?’ என்றே கேட்கிறோம். தாண்டாத வினைக்கு முன்னே வினையடை நிற்கும்.

துணைவினைகளுக்கும் இதே சோதனை போதும். ‘ஐ ஹாவ் சீன் இற்’ என்பதில் முன்னே தாண்டுவது ‘ஹாவ்’. ஆகவே ‘ஐ ஹாவ் நெவர் சீன் இற்.’ துணைவினைகள் இரண்டு மூன்று வந்தால் முதலாவதன் பின்னே வைப்பது வழக்கம்.

ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: ‘மை கிரான்ட்மதர் ஓல்வேய்ஸ் இஸ் பிஸி. ஷீ ரீட்ஸ் ஒஃபன் த பேப்பர். ஷீ நெவர் டஸ் நொட் ஷவுட்.’

முதல் வசனத்தில் தாண்டும் சொல் ‘இஸ்’. ஆகவே ‘இஸ் ஓல்வேய்ஸ் பிஸி’ என்று திருத்துக. இரண்டாவதில் ‘ரீட்ஸ்’ தாண்டாது; ‘ஷீ ஒஃபன் ரீட்ஸ் த பேப்பர்’ என்பதே சரி. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இச்சொற்களை நுழைக்கக் கூடாது. ‘ஒஃபன்’ மட்டும் வசனத்தின் கடைசியிலும் வரலாம். மூன்றாவது பிழை தமிழிலிருந்து வந்தது. ‘ஒருபோதும் சத்தம் போடுவதில்லை’ என்று நாம் எதிர்மறையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ‘நெவர்’ என்பதற்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருக்கிறது. ஆகவே ‘ஷீ நெவர் ஷவுட்ஸ்’ என்றாலே போதும்.

இடம் மாறினால் பொருளே மாறும் சந்தர்ப்பமும் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதுகிறீர்கள். எல்லாக் கூட்டங்களுக்கும் அவர் வருவதில்லை, சிலவற்றுக்கு வருவார் என்பது உங்கள் கருத்து. ‘ஹீ டஸ் நொட் ஓல்வேய்ஸ் அற்றென்ட்’ என்றால் அக்கருத்து சரியாக வரும். ‘ஹீ ஓல்வேய்ஸ் டஸ் நொட் அற்றென்ட்’ என்று எழுதிவிட்டால், எந்தக் கூட்டத்துக்கும் வராதவர் என்றே வாசிப்பவர் கொள்வார். ‘நொட்’ முன்னே நின்று ‘ஓல்வேய்ஸ்’ என்பதை மறுத்தால் ‘எப்போதும் என்றில்லை’ என்று பொருள். ‘ஓல்வேய்ஸ்’ முன்னே நின்றால் மறுப்பு எல்லாக் காலத்துக்கும் ஆகிவிடும். தமிழில் ‘எப்போதும் வருவதில்லை’ என்பது இரு பொருளுக்கும் இடம் தருவதால் இந்த வேறுபாட்டை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

சோதனைக்கு அடங்காத இடங்கள் இரண்டை நினைவில் வைத்தால் போதும். கட்டளையில் வினையடை ‘பீ’ என்பதற்கும் முன்னே வரும்: ‘நெவர் பீ லேற்.’ வசனம் ‘பீ’ வினையோடு முடியும் குறுகிய விடையிலும் அப்படியே: ‘இஸ் ஹீ லேற்?’ என்று கேட்டால், ‘யெஸ், ஹீ ஓல்வேய்ஸ் இஸ்.’

பயிற்சி: அடைப்பிலுள்ள சொல்லை உரிய இடத்தில் சேர்க்குக.
1. தே ஆர் அற் ஹோம். (ஒஃபன்)
2. வீ ஈற் மீற். (நெவர்)
3. ஐ வில் ரிமெம்பர் யூ. (ஓல்வேய்ஸ்)

விடைகள்: 1. தே ஆர் ஒஃபன் அற் ஹோம். 2. வீ நெவர் ஈற் மீற். 3. ஐ வில் ஓல்வேய்ஸ் ரிமெம்பர் யூ.