வேலை மாறினால் ஈபிஎப் கணக்கு என்ன ஆகும்?

போன மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணா, நான் வேலை மாறிட்டேன். பழைய கம்பெனி ஈபிஎப்பை புது கம்பெனிக்கு எப்படி மாத்துறது? வீடியோவுல யுஏஎன் நம்பர் வேணும்னு சொல்றாங்க. என் சம்பளச் சீட்டுல அப்படி ஒரு நம்பரே இல்ல" என்றார்.

அவர் பார்த்தது தமிழ்நாட்டு வீடியோ. இந்தியாவில் ஒவ்வொரு முதலாளியிடமும் சேரும்போது தனி உறுப்பினர் எண் திறக்கப்படும். அவை எல்லாம் யுஏஎன் என்ற ஒரே எண்ணின் கீழ் வரும். பழைய கம்பெனியில் சேர்ந்த பணம் புதிய எண்ணுக்கு மாற்றப்பட வேண்டும். மாறாவிட்டால் பழைய கணக்கு அப்படியே தூங்கிவிடும். அங்கே வீடியோ போடுகிறவர்கள் சொல்வது அங்கே சரிதான்.

நம் மலேசியாவில் முறை வேறு. இங்கே ஈபிஎப் உறுப்பினர் எண் வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான். அது கம்பெனியோடு சேர்ந்ததல்ல, நம் அடையாளக் கார்டோடு சேர்ந்தது. பத்து கம்பெனி மாறினாலும் பத்து முதலாளிகளும் ஒரே கணக்கில்தான் சந்தா கட்டுவார்கள். மாற்றுவதற்கு எந்தப் பாரமும் பூர்த்தி செய்ய வேண்டியதில்லை. இடையில் சில மாதம் வேலை இல்லாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பணத்துக்கு லாப ஈவு வந்துகொண்டுதான் இருக்கும்.

இதைக் கேட்டதும் தம்பிக்கு நிம்மதி. "அப்படின்னா நான் ஒண்ணுமே செய்ய வேண்டாமா?" என்றார். அங்கேதான் அவரை நிறுத்தினேன். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கணக்கு தானாக வரும், பணம் தானாக வராது

என் முதல் வேலை கிள்ளான் பக்கம் ஒரு கிடங்கில். சம்பளம் 2,400 வெள்ளி. ஆகஸ்ட் கடைசியில் வேலையை விட்டு, செப்டம்பரில் புது இடத்தில் சேர்ந்தேன். புது முதலாளி சந்தாவை ஒழுங்காகக் கட்டினார். எப்போதாவது கணக்கைத் திறந்தால் மொத்தத் தொகை ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு, சம்பளக் கணக்கு வேலை பார்க்கும் என் அக்கா ஒரு நாள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். மொத்தத் தொகையை அவர் பார்க்கவே இல்லை. i-Akaun செயலியில் நேராகச் சந்தாப் பட்டியலுக்குப் போய், மாதம் மாதமாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "தம்பி, மூணு மாசம் காணோமே?" என்றார்.

பழைய கம்பெனி எனக்குக் கடைசி மூன்று மாதம் சந்தா கட்டவே இல்லை. ஆனால் அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டிலும் ஈபிஎப் 264 வெள்ளி என்று கழித்திருந்தார்கள். என் சம்பளத்தில் பிடித்த பணம் என் கணக்குக்குப் போய்ச் சேரவில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் மலேசியத் தொழிலாளியிடம் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு போட வேண்டும். 2,400 வெள்ளிக்கு என் பங்கு 264, முதலாளி பங்கு 312, ஆக மாதம் 576 வெள்ளி. மூன்று மாதத்துக்கு 1,728 வெள்ளி. இதில் 792 வெள்ளி என் கையிலிருந்தே போனது.

பட்டியலை எப்படிப் படிப்பது?

இதில் பலர் குழம்புகிற ஓர் இடம் உண்டு. ஈபிஎப் பட்டியலில் இருக்கும் மாதம் சம்பள மாதம் அல்ல, அதற்கு அடுத்த மாதம். ஆகஸ்ட் சம்பளத்துக்கான சந்தாவை முதலாளி செப்டம்பர் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது செப்டம்பர் சந்தா என்றே பதிவாகும். ஆகவே ஆகஸ்டோடு வேலையை விட்டவர் செப்டம்பர் வரிசையில் பழைய முதலாளியின் பணத்தைப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் புது வேலை தொடங்கியிருந்தால், புது முதலாளியின் முதல் சந்தா அக்டோபர் வரிசையில் வரும்.

என் பட்டியலில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று வரிசைகள் இல்லை. அதாவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சம்பளங்களின் பணம் வரவில்லை. இந்த ஒரு மாத வித்தியாசம் தெரியாமல், "செப்டம்பர்லதான் நான் அங்க இல்லையே, அது வராதது சரிதான்" என்று நானே விட்டிருப்பேன்.

அதனால் வேலை மாறுகிறவர்கள் இரண்டு முறை பட்டியலைத் திறந்து பாருங்கள். கடைசிச் சம்பளம் வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம், 15-ஆம் தேதி கழிந்து சில நாளில் ஒரு முறை. புது இடத்தில் முதல் சம்பளம் வாங்கியதற்கு அடுத்த மாதம், அதே போல இன்னொரு முறை. முதல் தடவை பார்க்கும்போது கடைசி மாதத்தை மட்டும் பார்த்து விடாதீர்கள், ஒரு வருஷம் பின்னால் போய்ப் பாருங்கள். கம்பெனிக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் அது சம்பளத்தில் தெரிவதற்கு முன்பே சந்தாவில் தெரியலாம்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது வேறு ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புது இடத்தில் சேரும்போது அடையாளக் கார்டு எண்ணையும் ஈபிஎப் எண்ணையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். கிராணி தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் மாறிப்போனாலும், முதலாளி கட்டிய பணம் உங்கள் கணக்கில் சேராமல் நிற்கக்கூடும். பெயரும் அடையாளக் கார்டில் இருப்பது போலவே இருக்கட்டும். இந்த மாதிரித் தவறு என்றால் சண்டை எதுவும் வேண்டாம், புது அலுவலகத்தில் சொன்னால் திருத்திவிடலாம்.

கடைசிச் சம்பளத்தில் ஒளிந்திருப்பது

நான் ஈபிஎப் கிளைக்குப் புகார் கொடுக்கப் போனேன். நியமனக் கடிதம், மூன்று சம்பளச் சீட்டு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி ஆகஸ்ட் சீட்டை இரண்டு தடவை பார்த்தார். எடுக்காத ஆறரை நாள் லீவுக்காக 600 வெள்ளி அதில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஈபிஎப் கழித்தது 2,400-க்கு மட்டும்தான்.

எடுக்காத ஆண்டு லீவுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் சந்தா உண்டு. போனஸ், கமிஷன் இவற்றுக்கும் உண்டு. ஓவர்டைம் பணத்துக்கும் பயணப்படிக்கும் இல்லை. ஆகவே என் ஆகஸ்ட் கணக்கு 3,000 வெள்ளிக்குப் போட்டிருக்க வேண்டும். என் பங்கு 330, முதலாளி பங்கு 390, மொத்தம் 720. மூன்று மாதத்துக்கு வர வேண்டியது 1,728 அல்ல, 1,872 வெள்ளி. வேலையை விடும் மாதத்துச் சம்பளச் சீட்டு மற்ற மாதங்களைப் போல இருக்காது. அதை மட்டும் ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள்.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, ஆனால் எட்டு மாதம் ஆனது. தொழிலாளியிடம் பிடித்துவிட்டு ஈபிஎப்புக்குக் கட்டாமல் இருப்பது 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி குற்றம். 6 வருஷம் வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனியின் இயக்குநர்களும் அந்தக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. தாமதமான சந்தாவோடு, அதற்கு வந்திருக்க வேண்டிய லாப ஈவையும் முதலாளியே கட்ட வேண்டும். என் பழைய கம்பெனி அப்போது இன்னும் நடந்துகொண்டிருந்தது, அதுதான் என் அதிர்ஷ்டம். கம்பெனி மூடி, ஆட்கள் கலைந்த பிறகு போயிருந்தால் என் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். சீக்கிரம் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். சம்பளச் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். அவை இல்லாமல் அன்று என்னால் எதையும் காட்டியிருக்க முடியாது.

சொக்சோவையும் சேர்த்துப் பாருங்கள்

ஈபிஎப் கட்டாத முதலாளி சொக்சோவையும் கட்டாமல் விட்டிருக்கலாம். அதுவும் அடையாளக் கார்டு எண்ணில்தான் ஓடுகிறது, மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அங்கே விடுபட்ட மாதம் வேறு விதமாக அடிக்கும். சொக்சோவில் நமக்கென்று சேமிப்பு கிடையாது, பாதுகாப்புதான். நோயால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கு இயலாமை ஓய்வூதியம் கொடுக்கும்போது, முந்திய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் வேறொரு கணக்கு உண்டு, ஆனால் கிடைக்கும் தொகை குறையலாம். அடிக்கடி வேலை மாறுகிறவருக்கு அங்கே இரண்டு, இங்கே மூன்று என்று விடுபட்டால் இந்த எண்ணிக்கை குறைந்துபோகும். அதனால் ஈபிஎப்பில் ஓட்டை தெரிந்தால் பெர்கேசோவிலும் உடனே கேளுங்கள்.

உண்மையிலேயே தூங்கிப்போவது

ஈபிஎப் கணக்கு தூங்காது என்றேன். தூங்குவது நம் பழைய சம்பள வங்கிக் கணக்கு. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வங்கியைச் சொல்லும், நாமும் திறந்துவிட்டு மறந்துவிடுவோம். 7 வருஷம் எந்த அசைவும் இல்லாத கணக்கில் இருக்கும் பணத்தை வங்கி, கோரப்படாத பணப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நாம் வாங்காமல் விட்ட கடைசிச் சம்பளமோ போனஸோ ஒரு வருஷத்திலேயே அங்கே போக வேண்டியது. அந்தப் பணம் தொலைந்துபோகாது. egumis.anm.gov.my தளத்தில் பதிவு செய்து, நம் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு தேடி, மனு போட்டு வாங்கலாம்.

அன்று நாற்காலிகளை அடுக்கி முடித்துவிட்டு, அந்தத் தம்பியின் கைப்பேசியில் இருவரும் பட்டியலைத் திறந்து பார்த்தோம். பழைய கம்பெனி கடைசி மாதம் வரை ஒழுங்காகக் கட்டியிருந்தது. புது கம்பெனியின் வரிசை இன்னும் வரவில்லை. அன்று தேதி 12.

"16-ஆம் தேதிக்கு மேல பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். 18-ஆம் தேதி செய்தி வந்தது: "வந்துருச்சு அண்ணா. லீவு காசையும் சரியா கணக்கு பண்ணியிருக்காங்களான்னு பழைய சீட்டை எடுத்துப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."