தட்டைப் பாதத்துக்கு இன்சோல் வாங்கப் போறீங்களா?

ஈரக் காலோட தரையில் நில்லுங்க. உள்பக்க வளைவே இல்லாம முழுப் பாதமும் பதியுதா? இப்போ குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நில்லுங்க. வளைவு தெரிஞ்சா, உங்க பாதம் வளைஞ்சு கொடுக்கும் வகை. வலியும் இல்லைன்னா இன்சோல் தேவையில்லை, காசு மிச்சம். வளைவு வரவே இல்லை, வலிக்கவும் செய்யுதுன்னா எலும்பு டாக்டரைப் பாருங்க.

வளைவு வருது, ஆனா நடந்தா வலிக்குதுன்னா ஆர்ச் சப்போர்ட் உதவலாம். மெத்துனு இருக்கும் ஜெல் இன்சோலில் மயங்காதீங்க. உங்க எடை விழுந்ததும் நசுங்கிடும். வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்க, முழுசா அமுங்கக் கூடாது. ஷூவோட வந்த இன்சோலை உருவிட்டுத்தான் புதுசைப் போடணும். அது மேலயே போட்டா குதிகால் உயர்ந்து, நடக்கும்போது ஷூவிலிருந்து கழன்டு வரும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டுங்க.