‘இட்’ எதைக் குறிக்கிறது?

ஆங்கிலத் தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, ‘மூன்றாம் வரியிலுள்ள “இட்” எதைக் குறிக்கிறது?’ என்று கேட்பதுண்டு. உடனே அச்சொல்லுக்கு முன்னால் மிக அருகில் நிற்கும் பெயர்ச்சொல்லை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவோர் நம்மிடையே பலர். தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்துள்ள என் போன்றோருக்கு வீட்டில் கேட்டுத் தெளிய ஆளில்லை. ஆகவே, விடையைத் தாமே சோதித்துக்கொள்ளும் வழி ஒன்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

அறிவியல் மாணவர் அறிந்த செய்தியையே பத்தியாகக் கொள்வோம். நீர் குளிரும்போது சுருங்குகிறது. 4 டிகிரி சென்டிகிரேடில் ‘திஸ்’ நின்றுவிடுகிறது. அவ்வெப்பநிலைக்குக் கீழே ‘இட்’ விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டி நீரைவிட இலேசாக இருப்பதால் ஏரியின் மேலே மிதக்கிறது. ‘திஸ்’ அடியிலுள்ள மீன்களைக் காக்கிறது.

முதலில் ‘இட்’டை எடுத்துக்கொள்வோம். அருகிலுள்ள பெயர்ச்சொல் ‘வெப்பநிலை’. அதை ‘இட்’ இருந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். ‘வெப்பநிலை விரியத் தொடங்குகிறது’ என்பது பொருந்தவில்லை. இன்னும் பின்னே சென்று ‘நீர்’ என்பதை வைத்தால் வாக்கியம் சரியாகிறது. எனவே விடை நீர். இப்படி ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்ப்பதே சோதனை.

‘திஸ்’ இன்னும் கவனத்துக்குரியது. தனித்து நிற்கும்போது அது பெரும்பாலும் ஒரு பொருளையன்று, முன்சொன்ன செய்தி முழுவதையும் சுட்டும். இரண்டாம் வாக்கியத்தில் நின்றுவிடுவது நீரன்று, நீர் சுருங்குவது. பத்தியில் ‘சுருங்குகிறது’ என வினையாக இருப்பதை, விடையில் ‘நீரின் சுருக்கம்’ எனப் பெயராக்கி எழுத வேண்டும்.

கடைசி ‘திஸ்’ஸில்தான் சோதனையும் நம்மை ஏமாற்றக்கூடும். ‘பனிக்கட்டி மீன்களைக் காக்கிறது’ என்பது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அதே பனிக்கட்டி மூழ்குவதாயிருந்தால் ஏரி அடியிலிருந்து உறைந்து மீன்கள் மடிந்துவிடும். காப்பது பனிக்கட்டி என்ற பொருளன்று, அது மிதக்கிறது என்னும் உண்மை. ஆகவே ‘பனிக்கட்டி நீரின்மேல் மிதப்பது’ என்றே எழுத வேண்டும். சொல் பொருந்தினால் மட்டும் போதாது, ஆசிரியர் காட்டும் காரணமும் பொருந்த வேண்டும்.

இன்னொன்று. ‘குளிராக இருக்கிறது’ என்று தமிழில் எழுவாய் இன்றியே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கலாகாது என்பதற்காகவே ஓர் ‘இட்’டை வைக்கிறார்கள். அந்த ‘இட்’ எதையும் சுட்டுவதில்லை. ‘ஏரி மேலிருந்தே உறைகிறது என்பது தெளிவு’ என்பதை ஆங்கிலத்தில் ‘இட்’ எனத் தொடங்கி எழுதினால், அந்த ‘இட்’ பின்னால் வரும் செய்தியையே குறிக்கும். அங்கே முன்வரிகளில் விடையைத் தேடிப் பயனில்லை.