தலைப்பில் கோயில் பெயர், கூடவே நடைதூரம்

தாராசுரத்தில் எங்கள் பழைய வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். முதலில் நான் வைத்த தலைப்பு `Peaceful Heritage Home`. எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பெயர் அது. கும்பகோணத்துக்கு வருகிறவர் அமைதியைத் தேடவில்லை. எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்றுதான் பார்க்கிறார்.

முன்பதிவுத் தளங்களில் பட்டியல் பெரும்பாலும் வரைபடப் புள்ளியை வைத்துத்தான் வருகிறது. அதனால் முதலில் புள்ளியை நம் வாசலில் சரியாக வைக்க வேண்டும். பட்டியலில் வந்த பிறகு, விரல் நம் வீட்டின் மேல் நிற்பதற்குத்தான் தலைப்பு. எங்கள் தளத்தில் அதற்கு 50 எழுத்துதான் இடம். இப்போது இப்படி இருக்கிறது:

`Darasuram Temple 9 min walk, Kumbakonam home`

அந்த 9 நிமிடத்தை நான் நடந்து பார்த்துத்தான் போட்டேன். கைப்பேசியில் நேரம் வைத்துத் தனியாக நடந்தபோது ஐந்தரை நிமிடம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, தெருமுனையில் ஒருமுறை நின்று, 9 நிமிடம். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்களோடு வருகிறார்கள். அம்மாவின் நேரம்தான் சரியான நேரம்.

பெயர் எழுத்துக்கூட்டலையும் வரைபடத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். ஐராவதேஸ்வரர் கோயில் என்பதை விளக்கத்தின் முதல் வரியில் வைத்தேன். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது என்பதால், சோழர் கலை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் தேடுகிறார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். விளக்கத்தில் ‘தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகில்’ என்று சேர்த்திருந்தேன். அதை நம்பி வந்த ஒரு குடும்பம், காலையில் நடந்தே போய்விடலாம் என்று நினைத்திருந்தது. காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று சொன்னபோது அந்தப் பெரியவர் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. ‘அருகில்’ என்ற சொல்லையே அன்று எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் எதில் போனால் எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதுகிறேன்.

நவக்கிரக யாத்திரைக்காரர்களுக்குத் தனியாக இரண்டு வரி வைத்திருக்கிறேன். ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர் ஆகியவை எங்களிடமிருந்து எட்டும் தூரம். திருநள்ளாறும் கீழப்பெரும்பள்ளமும் தள்ளி. நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்துவதால் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க விடியுமுன் கிளம்ப வேண்டும். எனவே ‘காலை ஐந்து மணிக்குக் காபி உண்டு, வேன் நிறுத்த இடம் உண்டு’ என்பதும் அங்கேயே இருக்கிறது. வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பாது, கோயில் பக்கத்து முனையில் நிற்க வேண்டும் என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறேன். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெட்டியைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.