பழகுநர் உரிமத் தேர்வில் தெரிந்த சொல் தரும் இடர்: இரு வினாக்கள்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வேறு மாநிலத்தில் பழகுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத நேரிடும்போது, தெரியாத சொல் அவரை நிறுத்திச் சிந்திக்க வைக்கும். தெரிந்ததாகத் தோன்றும் சொல்லோ ஐயமின்றித் தவறான விடைக்கு இட்டுச்செல்லும். இவ்வேறுபாட்டை வினாத் தொகுப்புகளில் வழக்கமாக இடம்பெறும் இரு வினாக்கள் காட்டுகின்றன.

முதல் வினா, எவ்வகை வாகனங்களுக்கு 'ஃப்ரீ பேசேஜ்' தரவேண்டும் என்பது. காவல்துறை வாகனம், விரைவுப் பேருந்து, ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் என்பன விடைத் தெரிவுகள். தமிழ்ப் பேச்சில் 'ஃப்ரீ' என்பது பெரும்பாலும் இலவசத்தையே குறிப்பதால், கட்டணமின்றிச் செல்லும் வாகனம் எதுவெனத் தேடுபவர் காவல்துறை வாகனத்தைத் தெரிவுசெய்யக்கூடும். இத்தொடர் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளிலிருந்து வந்தது. ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ வரும்போது ஓட்டுநர் ஓரமாக ஒதுங்கித் தடையற்ற வழி விடவேண்டும் என்பது அவ்விதி. சொற்பொருள் தெரியாதபோதும், கேட்கப்படும் செயலை யார் செய்வது என்று வினவினால் குழப்பம் நீங்கும். தருபவர் ஓட்டுநர், அவர் தரக்கூடியது வழியேயன்றிக் கட்டணச் சலுகை அன்று.

இரண்டாம் வினாவுக்கு இம்முறை உதவாது. 'டிரான்ஸ்போர்ட் வாகனத்தை' எவ்வாறு அடையாளம் காண்பது என்பது வினா. சக்கரத்தின் அளவு, வாகனத்தின் நிறம், எண் பலகை என்பன தெரிவுகள். போக்குவரத்துக்குப் பயன்படும் எல்லாமே போக்குவரத்து வாகனம் என்று கொள்பவருக்கு வினாவே பொருளற்றதாகும். எண் பலகை எல்லா வாகனத்திலும் உண்டல்லவா? ஆகவே அவர் நிறத்தைத் தெரிவுசெய்வது இயல்பு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ இச்சொல்லைப் பொதுச் சேவை வாகனம், சரக்கு வாகனம், கல்வி நிறுவனப் பேருந்து, தனியார் சேவை வாகனம் என்னும் நான்கினுக்கே உரியதாக்குகிறது. சொந்தப் பயன்பாட்டுக் கார் இதில் அடங்காது. வாடகைக் கார் அடங்கும். முன்னதன் பலகை வெண்மை, பின்னதன் பலகை மஞ்சள் என்பது பொது வழக்கு. மின்வாகனங்களுக்குப் பச்சைப் பலகையில் எழுத்தின் நிறமே வேறுபடும். சட்ட வரையறையை முன்பே அறியாமல் இவ்விடையைச் சூழலிலிருந்து ஊகிக்க வழியில்லை. அகராதியும் கைகொடுக்காது, அது தருவது பொதுப்பொருளையே.

எனவே சொற்பட்டியல் தயாரிப்போர் அருஞ்சொற்களைவிட இத்தகைய எளிய சொற்களை முதலில் சேர்ப்பது தகும். சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல் ஒன்றை மட்டும் எழுதாமல், சாலையில் அது குறிக்கும் பொருளையோ செயலையோ ஒரு வாக்கியமாக எழுதுவது பொருத்தம்.

தேர்ச்சிக்கு 60 விழுக்காடு போதும். 20 வினாக்கள் கேட்கப்படும் இடத்தில் 12 சரியாக இருந்தால், ஆம்புலன்சுக்கு வழிவிடுவது பற்றிய வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டவரும் உரிமம் பெறுவார். அப்பிழை திருத்தப்படாமலே அவருடன் சாலைக்கு வரும்.