இன்டர்ன்ஷிப் வேலையை ரெசுமேயில் எழுத 6 குறிப்புகள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் ஒரு மாணவி 6 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ததாக வைத்துக்கொள்வோம். 'தரச்சோதனைக்கு உதவினேன்' என்று மட்டும் ரெசுமேயில் எழுதினால், அவர் என்ன செய்தார் என்பது யாருக்கும் புரியாது. அதையே எப்படி எழுதலாம்?

1. முதல் வாரத்திலேயே அப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சோதித்த டி-ஷர்ட்டுகளில் 100-க்கு 9 குறையுள்ளவையாக இருந்தன. இந்தத் தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால், கடைசி வாரத்தில் 6 என்று வந்தாலும் அது முன்னேற்றமா என்று சொல்ல முடியாது.

2. உங்கள் கை செய்த வேலைக்கு உரிய வினைச்சொல்லைப் போடுங்கள். 'உதவினேன்', 'பொறுப்பில் இருந்தேன்' என்பவற்றில் வேலை தெரியாது. சோதித்தேன், பதிவுசெய்தேன், ஒப்பிட்டேன், கண்டறிந்தேன் என்றால் தெரியும். ஆங்கில ரெசுமேயில் 'ஐ' என்று தொடங்காமல், இறந்தகால வினைச்சொல்லிலேயே வரியைத் தொடங்குவது வழக்கம்.

3. அடுத்தவர் வேலையை உங்களுடையதாக எழுதாதீர்கள். தையல் விடுபடும் குறை எந்த மெஷின்களிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவர் மாணவி. ஊசியை மாற்றியவர் மெக்கானிக். அதனால் 'குறைகளைக் குறைத்தேன்' என்பது மிகை. இப்படி எழுதலாம்: 'தினமும் 200 டி-ஷர்ட்டுகளைச் சோதித்து, குறைகளை மெஷின்வாரியாகப் பதிவுசெய்தேன், தையல் விடுபடுவதற்குக் காரணமான 2 ஓவர்லாக் மெஷின்களைக் கண்டறிந்தேன், ஊசி மாற்றப்பட்டபின் குறை 100-க்கு 9-லிருந்து 6 ஆனது.'

4. சதவீதத்தில் கவனம் தேவை. 9 சதவீதம் 6 ஆனால், இறங்கியது 3 சதவீதப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம். 33 என்று மட்டும் போட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் எதிலிருந்து எதற்கு என்ற கேள்வி வரும். '9-லிருந்து 6' என்று இரண்டு எண்களையும் எழுதிவிட்டால் குழப்பமில்லை.

5. முன்னேற்றத்தைக் காட்டும் எண் கிடைக்கவில்லையா? வேலையின் அளவை எழுதுங்கள். எத்தனை துணி, எத்தனை லைன், தினமுமா வாரம் ஒருமுறையா, தயாரித்த அறிக்கையை யார் பயன்படுத்தினார்கள் என்பவையும் அளவுகளே. கணக்கெடுக்காத ஒன்றுக்கு ஊகமாக எண் போடாதீர்கள்.

6. கிளம்புமுன் சூப்பர்வைசரிடம் எண்களைக் காட்டிச் சரிபாருங்கள். எவற்றை வெளியே சொல்லலாம் என்றும் கேளுங்கள். பையர் பெயர், துணி விலை போன்றவற்றைக் கம்பெனிகள் பொதுவாக வெளியே விடுவதில்லை. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் 'இதை எப்படி அளந்தாய்?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாத எண்ணை நேர்முகத் தேர்வுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.